முட்டையா, மூட்டையா? கை நடுங்குபவர் அனுப்பும் செய்தியைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மளிகை, மருந்து, தண்ணி கேன் என்று எல்லாவற்றுக்கும் இப்போது ஆர்டர் வாட்ஸப்பில்தான் வருகிறது. அனுப்புகிறவர்களில் பார்க்கின்சன் உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை சரியாக வராதவர்கள், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், வயதில் கை நடுக்கம் வந்தவர்கள் எனப் பலர் உண்டு. அவர்கள் அடிக்கிற செய்தியில் எழுத்துகள் இரட்டிக்கும், வேண்டாத எழுத்து நுழையும். அந்தச் செய்தியைப் பெறுகிற கடைக்காரர்களும் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை.

“ஒரு பெரியவர் அனுப்புற ஆர்டர்ல எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா, மூணு மூணா வருது. ஏன் அப்படி வருது?”

மூன்று விதமாக வரும். எந்த விதம் என்று தெரிந்தால் பாதி செய்தி தானாகவே புரிந்துவிடும்.

முதலாவது, விரல் எம்பி மறுபடி அதே எழுத்தில் விழுவது. பார்க்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். அதாவது ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கால் விநாடிக்கு மேல் இல்லை. எழுத்தை அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள் இன்னொரு முறை பட்டுவிடும். இதில் எழுத்து இரண்டாகும், மிஞ்சினால் மூன்றாகும்.

இரண்டாவது, அழுத்திய விரல் சட்டென்று மேலே வராதது. பார்க்கின்சனில் நடுக்கத்தைவிட இந்த மந்தம்தான் பலருக்குப் பெரிய தொல்லை. கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு விசை அழுத்தியபடியே இருந்தால் அது தானே திரும்பத் திரும்ப அடிக்க ஆரம்பித்துவிடும். ஏழெட்டு எழுத்து ஒரே வரிசையாக வந்திருந்தால் இதுதான் காரணம். போனில் அப்படி நடக்காது. அங்கே அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணோ குறியோ வந்து விழும். ஜிபோர்டில் ஆங்கில எழுத்தின் மேல்வரிசைக்கு இப்படி 1 முதல் 0 வரை எண்கள் உண்டு. தங்கிலீஷில் அடிக்கும் ஒருவரிடமிருந்து இப்படி வந்தால்:

```
v3num   →  venum
sa8     →  sai
```

இது புதிர் இல்லை. 3 என்பது e எழுத்தில் விரல் தங்கியதால் வந்தது, 8 என்பது i எழுத்தில் தங்கியதால் வந்தது. சொல்லுக்கு நடுவில் எண் நுழைந்திருந்தால் முதலில் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விரல் பக்கத்து எழுத்தையும் சேர்த்து உரசுவது. m இருக்குமிடத்தில் n-உம் கூடவே வரும். இது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், பெரிய சிக்கல் கிடையாது.

“அப்ப ரெண்டா வர்றதையெல்லாம் ஒண்ணாக்கிப் படிச்சிட்டா முடிஞ்சுதுல்ல?”

தமிழில் அது நடக்காது. நம் மொழியில் மெய் இரட்டித்தாலோ உயிர் நீண்டாலோ வேறு சொல். படம், பட்டம், கடை, கட்டை, போடு, போட்டு. அதைவிட முக்கியமானது, தமிழ் அடிக்கிற முறைகளே இந்த இரட்டிப்பைப் பயன்படுத்துகின்றன.

தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். வேகமாக அடிப்பவர்களுக்கு இது வரம். நடுங்கும் விரலுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்:

```
g o d     →  எடு
g o o d   →  எட்டு
```

ட ஒரு தடவை கூடுதலாகப் பட்டது, அவ்வளவுதான். ‘எடு’ என்பது ‘எட்டு’ ஆகிவிட்டது. புள்ளியை அவர் தொடவே இல்லை. ‘மாத்திரை போடு’ என்பது ‘மாத்திரை போட்டு’ ஆவதும் இப்படித்தான்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் அஞ்சல் முறையில் உயிரெழுத்துதான் வம்பு. ஒரு a குறில், இரண்டு a நெடில்.

```
palpodi   →  பல்பொடி
paalpodi  →  பால்பொடி
muttai    →  முட்டை
muuttai   →  மூட்டை
```

இரண்டுமே கடையில் கிடைக்கிற சரக்கு. இரண்டுமே பிழையில்லாத சொல். இதிலிருந்து கிடைக்கிற விதி கொஞ்சம் விசித்திரமானது: ‘வணக்க்கம்’ மாதிரி கண்ணை உறுத்துகிற பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோரும் சரியாகத்தான் படிப்பார்கள். எழுத்துப் பிழையே இல்லாமல் நிற்கிற சொல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும். போனின் தானியங்கித் திருத்தம் இதை இன்னும் மோசமாக்கும். கோணலாக இருந்ததை நேராக்கி வேறொரு சொல்லாகவே அனுப்பிவிடும். கோணலாக வந்திருந்தால் நமக்கு ஒரு துப்பாவது இருந்திருக்கும்.

“ஒரு ஆர்டரை எடுத்து எப்படிப் படிக்கணும்னு காட்டுங்க.”

கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகைக்கடைக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் அஞ்சல் முறையில் அடிக்கிறவர்.

```
தம்ம்பி வணக்க்கம்
பால்பொடி 1
மூட்டை 12
துவரம் பருப்ப்பு 11 கிலோ
சாயந்தரம்ம் போதும்
```

முதல் வரியும் கடைசி வரியும் தெளிவு. அதில் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அவை ஒரு தகவல் தருகின்றன: இன்றைக்கு இவர் விரல் m-இலும் k-யிலும் எம்பியிருக்கிறது. ஆகவே மற்ற வரிகளிலும் எம்பியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு நடுவரிகளுக்கு வர வேண்டும்.

‘மூட்டை 12’. எதன் மூட்டை என்று இல்லை. அரிசி, சர்க்கரை என்று எதுவும் சொல்லாமல் யாரும் பன்னிரண்டு மூட்டை கேட்க மாட்டார்கள், முட்டையோ டஜன் கணக்கில்தான் கேட்பார்கள். u ஒரு தடவை கூடியிருக்கிறது. இதைத் தனியாகக் கேள்வியாக்க வேண்டாம். பதிலில் ‘முட்டை 12’ என்று எழுதிவிட்டால் போதும், தவறென்றால் அவர் சொல்லுவார்.

‘பால்பொடி 1’. இங்கே பொருளை வைத்து முடிவு செய்ய வழியில்லை. போன மாதம் அவர் பல்பொடி வாங்கினார் என்று கடைப்பையனுக்கு ஞாபகம் இருக்கலாம். அது ஊகத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது. வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தால்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

‘11 கிலோ’. ஒன்று இரட்டித்திருக்கும் என்று எளிதாகத் தோன்றும். ஆனால் எண்ணில் சூழலை வைத்து முடிவெடுக்கும் பழக்கமே வேண்டாம். வீட்டில் விசேஷம் இருக்கலாம். கேட்க வேண்டும்.

ஆக ஐந்து வரியில் இரண்டு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கேட்காதீர்கள், ஒன்றுக்குப் பதில் வந்ததும் அடுத்தது. பதில் இப்படி இருக்கலாம்:

```
வணக்கம் ஐயா. முட்டை 12 எடுத்து வெச்சிட்டோம், சாயந்தரம் வந்துடும்.
துவரம் பருப்பு ஒரு கிலோன்னா 1 அழுத்துங்க.
பதினோரு கிலோன்னா 9 அழுத்துங்க.
```

1, 2 என்று கொடுக்காமல் 1, 9 என்று கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1-உம் 2-உம் ஒட்டிய விசைகள். எண்வரிசையில் 1-க்கும் 9-க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. எண்பலகையிலும் அவை எதிரெதிர் மூலைகள். பதிலாக 111 வந்தால் அது 1. 99 வந்தால் 9. 2 வந்தாலும் 1 என்றே கொள்ளலாம், ஏனென்றால் 2 என்று ஒரு வழியையே நாம் கொடுக்கவில்லை. பக்கத்து விசை பட்டிருக்கிறது. 19 வந்தால் மட்டும் மறுபடி கேளுங்கள்.

கேள்வியிலும் அளவை எழுத்தால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘1 கிலோவா 11 கிலோவா’ என்று கேட்டால் பதிலாக வரும் 11-ஐ மறுபடி எப்படிப் படிப்பது? இரட்டித்த பதிலும் இன்னொரு பதிலாகிவிடக் கூடாது. கேள்வி அமைக்கும்போது பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

‘தவறாக டைப் செய்திருக்கிறீர்கள்’, ‘புரியலை, திருப்பி அனுப்புங்க’ இரண்டும் வேண்டாம். முதலாவது தெரிந்ததையே சொல்லிக் காட்டுவது. இரண்டாவது அந்த ஐந்து வரியையும் மறுபடி அடிக்கச் சொல்வது. அதுவும் இதே போலத்தான் வரும், அவருக்குக் கால் மணி நேரம் போகும்.

“எங்க அப்பா ‘வேணாம்ம்ம்ம்’னு அனுப்புறாரு. கோவமா இருக்காரோன்னு பயமா இருக்கு.”

இழுத்து எழுதினால் கோபம் அல்லது கொஞ்சல் என்பது இளசுகளின் வழக்கம். அதை இவரிடம் பொருத்தாதீர்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வேண்டுமென்று இழுக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் இழுப்பார்கள். நடுக்கத்துக்குக் கடைசி, நடு என்ற கணக்கே கிடையாது. அதே செய்தியில் வேறு சொற்களின் நடுவிலும் எழுத்து இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ‘ம்ம்ம்ம்’ வெறும் விரல்தான். சந்தேகமிருந்தால் சொன்ன விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள், தொனிக்குப் பதில் எழுதாதீர்கள்.

குடும்பக் குழுவில் அதையே திருப்பி ‘வேணாம்ம்ம்ம் தாத்தா’ என்று போட்டு விளையாடுகிற பிள்ளைகளை நிறுத்த வேண்டியது பெரியவர்கள் வேலை. ஓரிரு முறை அப்படி நடந்தால் அவர் எழுதுவதையே விட்டுவிடுவார், வெறும் கைகூப்பும் படம் மட்டும்தான் வரும்.

“நைனாவுக்கு பார்க்கின்சன். காலையில நல்லா டைப் பண்றாரு, மத்தியானம் ஒண்ணும் புரியல. குழம்புறாரா, இல்ல வேணும்னே பண்றாரா?”

பெரும்பாலும் இரண்டுமில்லை. லெவோடோபா மாத்திரையின் வேகம் அடுத்த வேளைக்கு முன்னால் குறையும். நோய் வந்து சில வருஷம் ஆனவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். மாத்திரை போட்ட நேரத்தையும் செய்தி வந்த நேரத்தையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். மாத்திரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் எழுத்து சிதறுகிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் குறிப்பை நரம்பியல் டாக்டரிடமும் காட்டலாம், வேளை நேரத்தை மாற்ற அவருக்கு அது உதவும். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். முக்கியமான விஷயங்களை, பணம், கையெழுத்து, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போன்றவற்றை, அவர் கை நன்றாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள்.

விரல் குழறுவதும் எண்ணம் குழறுவதும் வேறு. எழுத்துகள் இரட்டித்திருந்தாலும் சொற்களின் வரிசையும் விஷயமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் சிந்தனையில் ஒரு குறையும் இல்லை. மாறாக, எப்போதும் ஒழுங்காக எழுதுகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாத சொற்களாக அனுப்பினால், கூடவே பேச்சு குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை துவண்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

“போன் போட்டுக் கேட்டுட்டா சுலபம்தானே?”

சிலருக்கு ஆமாம். ஆனால் பார்க்கின்சனில் குரல் தேய்ந்து போவது உண்டு, மூளை முடக்குவாதத்தில் பேச்சு தெளிவில்லாமல் இருப்பது உண்டு. எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டு அந்தக் குரலைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. மூன்று தடவை ‘ஆங்? ஆங்?’ என்று கேட்டு வைத்துவிடுவதைவிடக் கஷ்டப்பட்டாவது எழுதிவிடலாம் என்றுதான் அவர் எழுத்துக்கு வந்திருப்பார். ‘கூப்பிடலாமா, எழுதறீங்களா’ என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். குரல் பதிவு அனுப்பச் சொல்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. அந்த மைக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் அல்லது மேலே தள்ளிப் பூட்ட வேண்டும், இரண்டுமே இந்தக் கைக்குக் கடினம்.

“பின்கோடு ஒரு எண் கூட வருது. நாங்களே ஒண்ணை எடுத்துட்டு பார்சல் போட்டுடலாமா?”

பாரிமுனையும் பெரம்பூரும் எவ்வளவு தூரம் என்று நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

```
6000011
```

ஏழு எண் இருக்கிறது, ஒன்று கூடுதல். ஒரு பூஜ்யத்தை எடுத்தால் 600011, பெரம்பூர். ஓர் ஒன்றை எடுத்தால் 600001, பாரிமுனை, ராஜாஜி சாலை பொதுத் தபால் நிலையப் பகுதி. இரண்டும் உண்மையான பின்கோடு, இரண்டுக்கும் பார்சல் போகும். சென்னைப் பின்கோடு பெரும்பாலும் 600 என்று இரட்டைப் பூஜ்யத்தோடேயே வருவதால் எது இயல்பான இரட்டை, எது விரல் செய்தது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில் எண்ணைத் திருப்பிக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள். ‘பெரம்பூரா ஐயா? ஆமான்னா 1, இல்லன்னா 9.’

போன் எண் பதினொன்றாக வந்தால், அதில் இரட்டித்த இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதுதான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று இடம் இருந்தால் ஊகிக்காதீர்கள். அவருடைய எண்ணே என்றால் வாட்ஸப்பிலேயே இருக்கிறது, கேட்கவே தேவையில்லை. வேறொருவர் எண் என்றால் போனில் சேமித்திருக்கும் தொடர்பை அப்படியே பகிரச் சொல்லலாம், எண் அடிக்கும் வேலையே இல்லை.

மருந்துக்கடைக்காரர்களுக்கு இதில் விதிவிலக்கே கிடையாது. மில்லிகிராமில் ஒரு பூஜ்யம் கூடுவது, அட்டை எண்ணிக்கை இரட்டிப்பது எதையும் செய்தியை வைத்து முடிவு செய்யக் கூடாது. டாக்டர் சீட்டின் படத்தைக் கேளுங்கள். பழைய சீட்டு உங்களிடமே இருந்தால் அதை அனுப்பி ‘இதுவேதானா’ என்று கேளுங்கள்.

“செய்தி பாதியில வந்து நின்னுடுது, அப்புறம் வீடியோ கால் வருது, எடுத்தா கட் ஆகுது.”

அனுப்பும் பொத்தானிலும் அழைக்கும் பொத்தானிலும் கை பட்டிருக்கிறது. முதல் துண்டு வந்தவுடனே பதில் போடாதீர்கள். ‘டைப் செய்கிறார்’ என்று மேலே தெரிகிற வரைக்கும் காத்திருங்கள், அது நின்ற பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் கொடுங்கள். நடுவில் நம் பதில் போய் விழுந்தால் அவர் திரை நகரும், குறி வைத்த இடம் தப்பும். அழைப்பு வந்து நின்றால் ‘கால் வந்துச்சு ஐயா, கைபட்டதுன்னா விட்டுடுங்க’ என்று ஒரு வரி போதும்.

அவர் போனில் வாட்ஸப் அமைப்பில் Chats பகுதியில் Enter is send என்பது திறந்திருந்தால் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். செய்தி பாதியிலேயே கிளம்பி வருவது குறையும்.

“அவர் போன்ல, கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்தினா சரியாகுமா?”

குறையும், முழுக்கப் போகாது. முதலில் அவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் மாற்றினால் போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

சாம்சங் போனில் Accessibility, அதில் Interaction and dexterity. அங்கே Ignore repeated touches என்று ஒன்று இருக்கும். ஐபோனில் Accessibility, Touch, Touch Accommodations, அதற்குள் Ignore Repeat. இரண்டுமே ஒரு தொடுதலுக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் வரும் அடுத்த தொடுதலைக் கணக்கில் எடுக்காது. நடுக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 0.17 முதல் 0.25 விநாடி என்பதால் 0.3 விநாடியில் தொடங்குவது நல்லது. 0.1-இல் வைத்துவிட்டு ‘பிரயோஜனமில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்துக்குள் விரல் திரும்பியே வந்திருக்காது. இது கீபோர்டுக்கு மட்டுமில்லை, திரை முழுக்கப் பொருந்தும். ஆகவே எழுத்துகள் விட்டுப்போக ஆரம்பித்தால் நேரம் அதிகம் என்று அர்த்தம், ஒரு படி குறையுங்கள்.

விண்டோஸில் வலது ஷிப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் Filter Keys திறக்கும். பழைய Control Panel வழியாகப் போனால் Set up Filter Keys என்ற பக்கத்தில் இரண்டு தேர்வுகள் இருக்கும், ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். எழுத்து இரண்டு மூன்றாக வருகிறவருக்கு Turn on Bounce Keys, நேரம் 0.5 விநாடி. எழுத்து ஏழெட்டாக வரிசையாக ஓடுகிறவருக்கு Turn on Repeat Keys and Slow Keys, அதற்குள் Ignore all repeated keystrokes. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் பயன்படுகிறது. மாற்றிப் போட்டால் எதுவும் மாறாது, அமைப்பின் மேல் பழி விழும். அதே பக்கத்தில் அடித்துப் பார்க்க ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேயே அவர் பெயரை இரண்டு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.

தமிழ்99-இல் அடிக்கிறவருக்கு Bounce Keys போட்டால் ஒரு புதுச் சிக்கல் வரும். ‘அக்கா’ என்று அடிக்க க விசையை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்ட வேண்டும். இரண்டாவது தட்டல் அரை விநாடிக்குள் விழுந்தால் கம்ப்யூட்டர் அதை விழுங்கிவிடும், ‘அகா’ என்று வரும். வழி: தானாக வரும் புள்ளியை நம்பாமல் புள்ளியைத் தானே அடிப்பது.

```
a h h q     →  Bounce Keys இருந்தால் ‘அகா’ ஆகலாம்
a h f h q   →  அக்கா
```

ஒரு தட்டல் கூடுதல்தான், ஆனால் ஒரே விசை அடுத்தடுத்து வருவதில்லை. இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

கம்ப்யூட்டரில் நிறைய அடிக்கிறவர் என்றால் கீகார்டு பற்றி விசாரியுங்கள். ஒவ்வொரு விசைக்கும் மேலே துளையிட்ட கெட்டித் தகடு அது. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு துளைக்குள் விரல் விடலாம், பக்கத்து விசையில் படாது. உங்கள் கீபோர்டின் அளவுக்கே செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துளை விலகி நிற்கும்.

“பணம் அனுப்பும்போது 150-க்கு 1500 வந்துடுச்சு. என்ன பண்றது?”

வந்தவுடனே அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லித் திருப்பிவிடுங்கள். ‘அடுத்த மாசக் கணக்குல கழிச்சிக்கலாம்’ என்று முடிவு செய்வது உங்கள் உரிமை இல்லை, அவர் சொன்னால் சரி.

அடுத்த தடவைக்கு, தொகையை அவர் அடிக்க வேண்டிய தேவையையே எடுத்துவிடலாம். கடையில் ஒட்டியிருக்கும் பொதுவான கியூஆருக்குப் பதில் தொகை சேர்த்த கியூஆரைத் தயாரித்துக் காட்டுங்கள். அதற்குள் இருப்பது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=ungalkadai@bank&pn=Kadai&am=150.00&cu=INR
```

pa என்பது உங்கள் யுபிஐ முகவரி, am என்பது தொகை. வியாபாரிகளுக்கான செயலிகள் பலவற்றில் தொகையைப் போட்டாலே இப்படி ஒரு கியூஆர் கிடைத்துவிடும். ஸ்கேன் செய்ததும் தொகை நிரம்பியே வரும்.

பின் நம்பரை மட்டும் அவர்தான் போட வேண்டும். ‘சொல்லுங்க, நான் போட்டுத் தர்றேன்’ என்று எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் கூடாது. அந்தப் பெட்டியில் புள்ளிதான் தெரியும், எந்த எண் இரட்டித்தது என்று அவருக்கே தெரியாது. ஆகவே தவறினால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மெதுவாகப் போடச் சொல்லுங்கள், கடைசி எண்ணை மட்டும் திருத்தப் பார்க்க வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல் கல்லாப் பலகையில் படுக்க வைத்து, மணிக்கட்டை ஊன்றிப் போட இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பாதிப் பிழை குறையும். பின்னால் வரிசை நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அவசரப்படுத்தினால் நடுக்கம் கூடும்.

“மனு அடிச்சு எடுத்துட்டு வர்றாங்க. பிழையை நாங்களே திருத்திப் பிரிண்ட் போட்டுடலாமா?”

‘வணக்க்கம்’ மாதிரியானதைத் திருத்தலாம். பொருள் மாறக்கூடிய எதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, ஆமென்ற பிறகு மாற்றுங்கள். அவர் கொண்டுவந்த கோப்பை அப்படியே விட்டுவிட்டு, நகலில் திருத்துங்கள். பெயரில் கைவைக்கவே வேண்டாம். சுப்பையா என்பதில் இரட்டை இருக்க வேண்டும், பழனியில் இருக்கக் கூடாது என்று நாமாக முடிவு செய்ய முடியாது; ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதம். ஆதார் அட்டையைப் பார்த்து ஓர் எழுத்துகூட மாறாமல் அடியுங்கள்.

அரசு அலுவலகத்தில் இதைக் காரணம் காட்டி மனுவைத் திருப்பினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மூளை முடக்குவாதமும் பார்க்கின்சனும் பெயர் சொல்லியே இருக்கின்றன என்பதை நினைவூட்டலாம்.

“நான் இல்லாதப்ப கடைப்பையன் நிக்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்லி வெக்கிறது?”

அந்த எண்ணுக்கான குறிப்பில் செய்ய வேண்டியதை மட்டும் எழுதி வையுங்கள். நோயின் பெயர் தேவையில்லை, அதை ஊருக்குச் சொல்லும் உரிமை அவருடையது. ‘நடுக்கம் தாத்தா’ என்று பெயர் போட்டுச் சேமிப்பதும் வேண்டாம். போன் கல்லாவில் ஒலிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களும் படிப்பார்கள், என்றைக்காவது அந்தத் தொடர்பைப் பகிர்ந்தால் அந்தப் பெயரோடேயே போகும். இவ்வளவு போதும்:

```
முழு செய்தியும் வரட்டும், அப்புறம் பதில்.
எண் எதுவானாலும் கேட்டு உறுதி பண்ணு.
ஒரு தடவைக்கு ஒரு கேள்வி: 1 அல்லது 9.
கூப்பிடாதே, எழுது.
```

கடைசி வரி அவர் என்ன சொன்னாரோ அதன்படி.